24½ அங்குலக் கதவு: வன்னி விடுதிக்காரர்களுக்கும் சுற்றுலா அதிகாரிகளுக்கும் ஒரு திறந்த மடல்

வன்னியில் விடுதி நடத்துகிற உரிமையாளர்களுக்கும், அந்த விடுதிகளைப் பார்வையிட்டுப் பதிவு கொடுக்கிற அதிகாரிகளுக்கும்,

நாங்கள் முல்லைத்தீவில் தங்கிய ஒரு விடுதியைப் பற்றி நான் எழுதியதற்கு, போன மாதம் அதிகாரிகளின் அலுவலகம் ஒன்றிலிருந்து எனக்கு வந்த பதிலில் இரண்டே வரிதான் இருந்தது. "குறித்த விடுதியில் சரிவுப்பாதை உண்டு. சக்கர நாற்காலியில் வருவோர் மிகக் குறைவாகையால் மேலதிக மாற்றங்கள் தற்போது அவசியமில்லை." முதல் வரிக்குப் பதில் சொல்ல என்னிடம் அளவு ரேப் இருக்கிறது. இரண்டாவது வரியை வன்னியில் இருந்துகொண்டு ஒருவர் எழுதினார் என்பதைத்தான் இன்னும் நம்ப முடியவில்லை. எங்கள் ஒழுங்கையில் மட்டும் மூன்று பேர் வீல்சேயரில் இருக்கிறார்கள்.

அந்த மூவரில் ஒருவர் என் கணவர். 2009 பங்குனியில் மாத்தளனில் செல் துண்டு முள்ளந்தண்டில் பட்டது. இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. இப்போது வவுனியாவில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருக்கிறார். தன் வீல்சேயரின் சில்லுக் கம்பி முதல் பெயறிங் வரை தானே மாற்றுவார். இதைச் சொல்வது உங்களிடம் இரக்கம் கேட்பதற்கல்ல. அளவு தெரிந்த ஒரு மனிதருக்குத்தான் உங்கள் விடுதி இடம் கொடுக்கவில்லை என்பது தெரியட்டும் என்றுதான்.

அவர் பிறந்தது முல்லைத்தீவுக் கரையில். மகளுக்குப் பதினொரு வயது, அப்பா நீந்திய கடலை ஒருமுறையும் பார்த்ததில்லை. மாமிக்கு வற்றாப்பளை அம்மனுக்கு ஒரு நேர்த்தி பாக்கி. ஆகவே இரண்டு இரவு தங்குவதாகத் திட்டம் போட்டோம். "வவுனியாவில் இருந்து முல்லைத்தீவுக்குக் காலமை போய்ப் பின்னேரம் வரலாம்தானே, றூம் எதுக்கு?" என்று ஒரு உறவினர் கேட்டார். உங்களுக்கும் அந்தக் கேள்வி வரலாம் என்பதால் சொல்லிவிடுகிறேன். இவருக்கு நாலு மணித்தியாலத்துக்கு ஒருமுறை குழாய் போட்டுச் சிறுநீர் எடுக்க வேண்டும். அதற்குச் சுத்தமான கை, தண்ணீர், மறைவு மூன்றும் வேண்டும். நாள் முழுக்க இருந்தபடியே இருந்தால் பிட்டத்தில் தோல் நசிந்து புண் வரும். அந்த இடத்தில் உணர்வில்லாததால் வலித்து அறிவிக்காது, கண்ணால் பார்த்தால்தான் தெரியும். அப்படி வந்த ஒரு புண் ஆற எங்களுக்கு முன்பொருமுறை ஐந்து மாதம் எடுத்தது. ஆகவே மதியத்தில் ஒருமுறை படுத்துக் கிடந்து பாரத்தை மாற்ற ஒரு கட்டில் தேவை. பயணத்தின் நடுவில் உள்ள அந்த அறை எங்களுக்கு ஆடம்பரமில்லை, அது இல்லையென்றால் பயணமே இல்லை.

இணையத்தில் அந்த விடுதியின் பெயருக்குப் பக்கத்தில் வீல்சேயர் அடையாளம் இருந்தது. இருந்தும் நான் தொலைபேசி எடுத்தேன்.

"தம்பி, என்ர அவர் வீல்சேயர். உங்கட இடம் சரிவருமோ?"

"ஓம் அக்கா, ஒரு பிரச்சினையும் இல்லை. றாம்ப் இருக்கு, கீழ் றூம்தான் தருவம். பெடியளும் நிக்கிறாங்கள்."

சரி என்று முற்பணம் போட்டேன்.

மாங்குளத்தில் திரும்பி ஒட்டுசுட்டானைத் தாண்டிப் போய்ச் சேர்ந்தபோது பகல் பன்னிரண்டரை. வானிலிருந்து இறங்கினால், வாசலில் மூன்று படி. ஒவ்வொன்றும் 6 அங்குலம், மொத்தம் 18 அங்குல உயரம். பக்கத்தில் சொன்னபடியே சரிவுப்பாதையும் இருந்தது. அதன் நீளம் 5 அடி. பல நாடுகளில் இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது: ஒரு அங்குலம் உயர வேண்டுமென்றால் பன்னிரண்டு அங்குலம் நீள வேண்டும். 18 அங்குலப் படிக்கு 18 அடி நீளச் சரிவு வேண்டும். இங்கே இருந்தது அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அதிலும் மினுக்கிய மாபிள் பதித்திருந்தார்கள். தள்ளினால் என் செருப்பு வழுக்குகிறது. தானாக ஏற முயன்றால் நாற்காலி பின்பக்கமாகக் குடைசாயும். காவலாளி ஐயா நல்ல மனிதர், ஒளிக்காமல் சொன்னார்: "இது பிள்ளை, ராவில மோட்டார் சைக்கிள் உள்ளுக்கு ஏத்துறதுக்குக் கட்டினது." அந்த மோட்டார் சைக்கிள் சரிவுக்குத்தான் நீங்கள் வீல்சேயர் அடையாளம் கொடுத்திருக்கிறீர்கள்.

பெடியள் இருவர் ஓடி வந்தார்கள். நல்ல எண்ணத்தோடுதான் வந்தார்கள். ஆனால் ஒருவர் பிடித்தது நாற்காலியின் கைப்பிடியை. இவர் பக்கவாட்டில் கட்டிலுக்கு மாற வேண்டியிருப்பதால் அந்தக் கைப்பிடி கழற்றிப் பூட்டுகிற மாதிரி. இரண்டாம் படியில் அது அவர் கையோடு வந்துவிட்டது. நாற்காலி ஒருபக்கம் சரிய, நான் இவரின் சேட்டைப் பிடித்து இழுத்ததில் பொத்தான் இரண்டு பறந்தது. விழவில்லை. விழுந்திருந்தால் கால் எலும்பு முறிந்தாலும் இவருக்குத் தெரிந்திருக்காது. இனிமேல் எவராவது தூக்க நேர்ந்தால், நாற்காலியின் பற்றவைத்த சட்டத்தைத்தான் பிடிக்க வேண்டும். கைப்பிடியையும் கால்மிதியையும் தொடக்கூடாது. எங்கே பிடிப்பது என்று இருப்பவரிடமே கேட்டால் அவர் சொல்லித் தருவார்.

ஆனாலும் எங்களைத் தோற்கடித்தது படி இல்லை. பாத்றூம் கதவு.

அறை உண்மையில் கீழ்த்தளம்தான், விசாலமும்கூட. பாத்றூம் வாசலில் நிலைக்கு நிலை 27 அங்குலம். நாற்காலியின் மொத்த அகலம், தள்ளுகிற வளையத்தோடு சேர்த்து 25. பார்த்தால் போகும் போலத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பிளாஸ்டிக் கதவு உள்ளே திறக்கிற கதவு, உள்ளே கைகழுவும் பேசினில் இடித்து முக்கால்வாசிதான் திறந்தது. கதவின் தடிப்பும் அது நின்ற சரிவும் வழியைத் தின்றன. கதவின் முகத்திலிருந்து எதிர் நிலை வரை ரேப் வைத்து அளந்தேன். 24½ அங்குலம். அரை அங்குலம் காணாது.

அரை அங்குலத்தை அமத்தித் தள்ளிப் போகலாம் என்று நினைப்பவர்கள் இருக்கலாம். தள்ளுகிறவரின் கை விரல் மொழி அந்த வளையத்துக்கு வெளியே இருக்கிறது. அதற்கும் பக்கத்துக்கு ஒரு அங்குலம் வேண்டும், இல்லாவிட்டால் நிலையில் உரசித் தோல் போகும். அப்படியானால் நேரே போகிற வாசலுக்கே இந்த நாற்காலிக்குக் குறைந்தது 27 அங்குலத் திறப்பு வேண்டும். அலுமாரிக்கும் சுவருக்கும் இடையில் வந்து சட்டென்று திரும்பி நுழைகிற வாசலென்றால் அதுவும் காணாது, 32 அங்குலம் வேண்டும். கட்டடக்காரர்கள் 32 என்று எழுதி வைத்திருப்பது சும்மா இல்லை.

இவர் கொஞ்ச நேரம் அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "வானில ஸ்குறூ றைவர் இருக்கு, எடுத்து வா" என்றார். பிணைச்சல்களைக் கழற்றிக் கதவைச் சுவரில் சாய்த்து வைத்தோம். 27 அங்குலம் கிடைத்தது. தண்ணீர் வெளியே வராமலிருக்க வாசலில் கட்டியிருந்த 4 அங்குல வரம்பில் முன்சில்லைத் தூக்கி ஏற்றினேன். கதவு இருந்த இடத்தில் படுக்கை விரிப்பைக் கட்டினேன். நாற்பத்திரண்டு வயது மனிதர் தன் தாயும் மகளும் இருக்கும் அறையில் ஒரு விரிப்புக்குப் பின்னால் இரண்டு நாள் குளித்து, குழாய் போட்டு, கொமேட்டில் இருந்தார். மாமி ஒவ்வொரு தடவையும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வெளியே போய் முற்றத்தில் நின்றா. வெயிலிலும்தான்.

காலைச் சாப்பாடு மேல்மாடியில். அதைப் பற்றி எழுதவே தேவையில்லை.

திரும்பி வந்து ஆற அமர யோசித்தபோது ஒன்று விளங்கியது. அந்த மனேஜர் தம்பி பொய் சொல்லவில்லை. "சரிவருமோ" என்று கேட்டால் வியாபாரம் செய்கிற எவரும் "ஓம்" என்றுதான் சொல்வார். அவருடைய கணக்கில் இரண்டு பெடியள் நின்றால் சரிவரும். என் கணக்கில் இவர் நடுச்சாமத்தில் யாரையும் எழுப்பாமல் பாத்றூம் போய் வந்தால்தான் சரிவரும். ஆகவே இப்போது நான் "சரிவருமோ" என்று கேட்பதேயில்லை. அளவு கேட்கிறேன், படம் கேட்கிறேன். என்னைப் போல வீட்டில் ஒருவரை வைத்துக்கொண்டு இதை வாசிப்பவர்களுக்கும் சேர்த்து, நான் கேட்கிற விதத்தைச் சொல்கிறேன். விடுதிக்காரர்களே, இந்தக் கேள்விகள் இனி உங்களுக்கு வரும்.

முதலில் பாத்றூம் கதவிலிருந்து தொடங்குவேன், வாசலிலிருந்து அல்ல. வாசல் படியைப் பலகை போட்டாவது சமாளிக்கலாம், பாத்றூமைச் சமாளிக்க முடியாது. "கதவைத் திறக்கக்கூடியமட்டும் திறந்துவிட்டு, கதவுக்கும் எதிர் நிலைக்கும் இடையில் ரேப்பைப் பிடித்து ஒரு படம் எடுத்து வட்ஸ்அப்பில் போடுங்கோ தம்பி" என்பேன். ரேப் இல்லை என்று சொல்பவர்களுக்கு இவர் கண்டுபிடித்த வழி ஒன்று உண்டு. ஒரு தடியை 27 அங்குலத்துக்கு வெட்டி, தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் குறுக்காகப் பிடித்துக்கொண்டு அந்த வாசலால் போகச் சொல்வோம். தடி உரசாமல் போனால் நாற்காலி போகும். ஏன் முழங்கால் உயரம் என்றால், தள்ளுகிற வளையம் அந்த உயரத்தில்தான் இருக்கிறது.

அடுத்தது கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்பது. உள்ளே திறக்கிற கதவென்றால், உள்ளே ஒருவர் வழுக்கி விழுந்துவிட்டால் அவருடைய உடம்பே கதவை அடைத்துவிடும். வெளியே நிற்பவர் தள்ளத் தள்ள அவருக்குத்தான் அடிபடும். இது நடந்து திரிகிற வயோதிபர்களுக்கும் பொருந்தும்.

பிறகு கொமேட்டின் ஒரு பக்கமாவது நாற்காலியைக் கொண்டுபோய் ஒட்டி நிறுத்த இடமிருக்கிறதா என்று பார்க்க, கதவடியில் நின்று எடுத்த ஒரு படம் கேட்பேன். பல இடங்களில் கொமேட்டை இரண்டு சுவருக்கு நடுவில் செருகி வைத்திருப்பார்கள். குளிப்பதற்குப் பிளாஸ்டிக் கதிரை தருவோம் என்பார்கள். அதைக் கவனமாக மறுக்கிறேன். கை ஊன்றி உடம்பை அதில் மாற்றும்போது ஈர மாபிளில் அதன் கால்கள் அகன்று மடிந்துவிடும். நாங்கள் எங்களுடைய இரும்புக் கதிரையைக் கொண்டுபோகிறோம். கட்டில் உயரமும் கேட்பேன்: மெத்தையின் மேல்மட்டம் வரை. நாற்காலியில் இவர் இருக்கிற உயரம் 21 அங்குலம். கட்டில் அதை ஒட்டி இருந்தால் தானாகவே மாறுவார். இப்போதைய மொத்த ஸ்பிரிங் மெத்தை போட்ட கட்டில்கள் 27 அங்குலம் வரை போகின்றன, அதற்கு மேல்நோக்கித் தூக்கத்தான் வேண்டும்.

கடைசிக் கேள்வி வான் நிற்கிற இடத்திலிருந்து அந்தக் கட்டில் வரை என்னென்ன இருக்கிறது என்பது. படி, வரம்பு, சல்லி, மணல், எல்லாம். இதை வாயால் சொல்லக் கேட்பதில்லை. தொலைபேசியைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்துபோய் ஒரு நிமிட வீடியோ எடுத்து அனுப்பச் சொல்வேன். அதில் சொன்னவருக்கே தெரியாத படியெல்லாம் வெளிவரும். நாளாந்தம் தாண்டுகிற படி தாண்டுகிறவர் கண்ணுக்குத் தெரியாது. படமெடுத்த அந்த அறையின் இலக்கத்தை எழுதி வாங்கிக்கொள்வேன். "அதே மாதிரி வேற றூம்" என்று அன்றைக்கு மாற்றிக் கொடுத்தால் இத்தனை அளவும் வீண்.

இந்த விதமாகக் கேட்டு இதுவரை ஆறு விடுதிகளோடு பேசியிருக்கிறேன். மூன்று பேர் படம் அனுப்பவேயில்லை. ஒருவர், "இவ்வளவு கேக்கிறீங்கள், நீங்கள் வீட்டிலயே இருக்கலாமே" என்றார். கிளிநொச்சிப் பக்கம் சின்ன விடுதி நடத்துகிற ஒருவர் மட்டும் உண்மையாகவே தடி வெட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு எடுத்தார். "அக்கா, தடி போகேல்லை. முக்கால் இஞ்சி இடிக்குது. வரவேண்டாம்." நான் அவருக்கு நன்றி சொல்லி வைத்துவிட்டேன். நாலு நாள் கழித்து அவரே திரும்ப எடுத்தார். கதவைக் கழற்றி, வெளிப்பக்கமாகத் திறக்கிற மாதிரி மாற்றிப் பூட்டி, பின்னால் சுவரோடு மடிந்து நிற்க வைத்துவிட்டாராம். தச்சனுக்கு அரை நாள் வேலை. நிலையைத் தொடவில்லை, சுவரை உடைக்கவில்லை. முழுதாக மடிகிற கதவு வழியைத் தின்னாததால் தடி போனது. கொமேட்டுப் பக்கச் சுவரில் ஒரு இரும்புக் குழாயும் அடித்திருந்தார், நான் கேட்காமலே. தைப்பொங்கல் விடுமுறையில் அங்கே மூன்று இரவு இருந்தோம். இவர் ஒருநாள் விடிய எழும்பித் தானே குளித்து வெளிக்கிட்டு முற்றத்தில் தேத்தண்ணியோடு இருந்தார். நான் எழும்பிப் பார்த்துப் பயந்துபோனேன், கட்டிலில் ஆளைக் காணவில்லை என்று.

ஆகவே "மேலதிக மாற்றங்கள்" என்றால் கோடிக்கணக்கில் செலவு என்று எனக்கு எழுத வேண்டாம்.

இனி ஊர் பார்ப்பது. முல்லைத்தீவுக் கடற்கரையில் நடந்ததைச் சொல்கிறேன். பின்னேரம் நாலரைக்குத்தான் போனோம். உணர்வில்லாத இடத்தில் வியர்க்கவும் மாட்டாது, ஆகவே வெயிலில் உடம்பு சூடேறிவிடும். கால்மிதியின் இரும்பு கொதித்தாலும் பாதத்துக்குத் தெரியாது, அதனால் வெயில் நாளில் இவருக்கு எப்போதும் மேசுதான். தார் வீதியின் விளிம்புவரை நாற்காலி போனது. அதற்கப்பால் காய்ந்த மணல். முன்சில்லு இரண்டும் சின்னவை, ஒல்லி. மணலில் வைத்த உடனே தாழ்ந்து ஊன்றிக்கொள்ளும், தள்ளத் தள்ள ஆள் முன்னால் சரிவார். திருப்பி, பெரிய சில்லில் சாய்த்துப் பின்பக்கமாக இழுத்தால் கொஞ்சம் நகரும். அப்படி இழுத்துப் பத்து மீற்றர் போவதற்குள் எனக்கு மூச்சு முட்டியது. அலை நனைத்த ஈரமணல் இறுக்கமாக இருக்கும், அங்கே போய்விட்டால் நாற்காலி நன்றாக ஓடும். இடையிலுள்ள காய்ந்த மணல்தான் தடை. முப்பது நாற்பது பாகம்தான் இருக்கும். மகள் மட்டும் ஓடிப்போய்க் காலை நனைத்துவிட்டு, ஒரு போத்தலில் கடல் தண்ணி பிடித்து வந்து அப்பாவின் கையில் ஊற்றினாள். வற்றாப்பளையில் கடல்நீரில் விளக்கெரிக்கிற ஊரின் பிள்ளைக்குக் கடலைப் போத்தலில் கொண்டுவந்து காட்டினோம்.

அந்தத் தூரத்துக்குச் சுருட்டி விரிக்கிற பாய் போதும். சென்னையில் மெரினாக் கடற்கரையில் 2022 நவம்பரில் மாற்றுத்திறனாளிகளுக்காக மரப்பாதை ஒன்று திறந்தார்கள், அலைக்குக் கிட்டே வரை, 263 மீற்றர். அடுத்த மாதமே வந்த புயலில் அது சேதப்பட்டுத் திருத்த வேண்டியதாயிற்று. நானே சொல்கிறேன், நிரந்தரமாகக் கட்ட வேண்டாம். எங்கள் கடலும் வாடைக்காற்றில் கரையை அரிக்கிற கடல்தான். காலையில் விரித்து இருட்ட முன் சுருட்டி வைக்கிற தடித்த ரப்பர் அல்லது பிளாஸ்டிக் பாய் ஒன்று, அதைப் பார்க்க ஒரு ஆள், அவ்வளவுதான்.

கோயிலைப் பற்றி எனக்குத்தான் பயம் இருந்தது. தெருவில் உருண்ட சில்லை உள்ளே விடுவார்களா என்று. வற்றாப்பளையில் ஒரு ஐயா ஒன்றும் பேசாமல் வாளியில் தண்ணி கொண்டுவந்து வைத்தார். மகள் துணியால் நாலு சில்லையும் துடைத்தாள். "இப்ப கால் கழுவின மாதிரித்தானே, வாங்கோ" என்றார். நாங்கள் போனது ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை. வைகாசிப் பொங்கல் சனத்துக்குள் இதெல்லாம் நடக்காது, எங்களுக்கு அது தெரியும். மடுவுக்குப் போவதென்றாலும் ஆவணித் திருநாளை விட்டு வேறு நாளில்தான் போவோம்.

ஒரு நாளைக்குக் காலையில் ஒரு இடம், பின்னேரம் ஒரு இடம், நடுவில் அறைக்குத் திரும்பிப் படுக்கை. இதுதான் எங்கள் கணக்கு. அறையை விட்டு வெளிக்கிட்டுத் திரும்பி வரும்வரை நாலு மணித்தியாலத்துக்கு மேல் போகக்கூடாது. ஏனென்றால் மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவு வரை எங்கள் நாற்காலி நுழைகிற ஒரு பொதுக் கழிப்பறையையும் நாங்கள் காணவில்லை. வானின் யன்னலுக்குச் சேலையைக் கட்டி மறைத்துத்தான் அலுவலைப் பார்த்தோம்.

அதிகாரிகளே, நான் கேட்பது புதிய சட்டம் எதுவுமில்லை. வலுவிழந்தோர் உரிமைகளைப் பாதுகாக்கும் 28ஆம் இலக்கச் சட்டம் 1996இல் வந்தது. பொதுமக்கள் வந்துபோகிற கட்டடங்களில் அணுகும் வசதி இருக்க வேண்டுமென்ற ஒழுங்குவிதிகள் 2006இல் வர்த்தமானியில் வந்தன. அவற்றைப் பின்பற்ற வேண்டுமென்று 2011இல் உயர் நீதிமன்றமும் கட்டளையிட்டது. 2016இல் இலங்கை ஏற்று உறுதிசெய்த ஐக்கிய நாடுகள் சமவாயத்தின் 30ஆம் உறுப்புரை சுற்றுலா இடங்களையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. இத்தனைக்கும் பிறகு, "வருவோர் குறைவு" என்பதை ஒரு காரணமாக அரச கடிதத்தாளில் எழுத முடிகிறது. ஆறு தொலைபேசி அழைப்பில் ஐந்து இடத்துக்கு நாங்கள் போகாமல் விட்டோம். அந்த ஐந்தும் உங்கள் வருகைக் கணக்கில் எங்கே பதிந்திருக்கிறது?

விடுதிக்காரர்களிடம் நான் கேட்பது. எந்த அளவும் எடுக்காமல் போட்ட வீல்சேயர் அடையாளத்தை இந்த மாதத்துக்குள் எடுத்துவிடுங்கள், இல்லை என்பதே எங்களுக்கு உதவிதான். கீழ்த்தளத்தில் ஒரே ஒரு அறையைத் தெரிந்தெடுத்து அதன் பாத்றூம் கதவை வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாற்றுங்கள். அடுத்த முறை மேசன் வேலைக்கு ஆள் வரும்போது நிலையையும் அகட்டி, திறப்பை 32 அங்குலத்துக்குக் கொண்டுவாருங்கள். கதவு, வரம்பு, கொமேட், கட்டில், வாசல் ஆகியவற்றை ரேப் தெரிகிற மாதிரிப் படமெடுத்து, கேட்பவர்களுக்கு அனுப்பத் தயாராகத் தொலைபேசியில் வைத்திருங்கள். அந்த அறைக்கு மேலதிகக் காசு வாங்க வேண்டாம்.

அதிகாரிகளிடம் கேட்பது. விடுதிகளைப் பார்வையிடப் போகும்போது வீல்சேயர் பாவிக்கிற ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், அவருக்கு அன்றைய நாள் கூலியைக் கொடுங்கள். "றாம்ப் உண்டு / இல்லை" என்ற பெட்டியைப் படிவத்திலிருந்து எடுத்துவிட்டு, உயரம் எத்தனை, நீளம் எத்தனை என்று எழுத இடம் விடுங்கள். முல்லைத்தீவுக் கரையில் பாயும், ஏ-34 வீதியில் நாற்காலி நுழைகிற ஒரு கழிப்பறையும் எப்போது வரும் என்று திகதியோடு சொல்லுங்கள். எனக்கு அனுப்பிய அந்த இரண்டு வரியை எழுத்தில் திரும்பப் பெறுங்கள்.

நாங்கள் போய் வந்த அந்த விடுதியின் உரிமையாளருக்குத் தனியாக ஒன்று. இவர் வருகிற ஆனியில் திரும்பவும் கடலுக்குப் போக வேண்டும் என்கிறார், வேறு இடம் வேண்டாமாம், உங்களிடமேதானாம். 4ஆம் இலக்க அறையின் பாத்றூம் கதவு இப்போது எத்தனை அங்குலம் திறக்கிறது என்பதை வைகாசி முடியுமுன் அறியத் தாருங்கள்.

இப்படிக்கு,
வவுனியாவிலிருந்து ஒரு மனைவி